பில்லின் கடைசி வரியில் எந்தத் தொகையைப் போடுவது? (ஓசூர் ஆவணப்பட வேலை, மணிக்கு ₹900)

தேன்மொழி_ஜெயநகர்:
பெங்களூரில் சப்டைட்டில், டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை செய்கிறேன். ஓசூர் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றிய ஒரு 42 நிமிட ஆவணப்படம், எடுத்தது இங்கே உள்ள ஒரு சின்ன தயாரிப்பு நிறுவனம். செப்டம்பரில் ஆரம்பித்த வேலை இந்த நவம்பரில் முடிந்தது. தயாரிப்பாளர் "மணிக்கணக்கும் செலவும் பிரித்து எழுதி, கடைசியில் ஒரே ஒரு தொகை போட்டு மெயில் அனுப்புங்க, அதைப் பார்த்து பணம் போடச் சொல்றேன்" என்கிறார். நான் எழுதி வைத்திருப்பது இது:

டிரான்ஸ்கிரிப்ஷன், 3 மணி 20 நிமிட ஆடியோ: 17 மணி × 900 = 15,300
தமிழிலிருந்து ஆங்கிலம்: 14 மணி × 900 = 12,600
சப்டைட்டில் நேரம் பொருத்துதல்: 9.5 மணி × 900 = 8,550
கரெக்‌ஷன்: 4.5 மணி × 900 = 4,050
ஓசூர் படப்பிடிப்பில் உடன் இருந்தது: 6 மணி × 900 = 5,400
பயண நேரம், பாதி ரேட்: 3 மணி × 450 = 1,350
வேலைக்கூலி மொத்தம் 47,250

செலவு: 1 டிபி ஹார்ட் டிஸ்க் 4,890, மெட்ரோ பஸ் ஆட்டோ 640, கூரியர் 210, மதியச் சாப்பாடு 180. ஆக 5,920.

இரண்டும் சேர்த்தால் 53,170. செப்டம்பரில் 15,000 அட்வான்ஸ் வாங்கினேன், பிடித்தம் இல்லாமல் முழுசாக வந்தது. அதைக் கழித்தால் 38,170. அதிலிருந்து அவர்கள் டிடிஎஸ் பிடிப்பார்கள் என்றால் கைக்கு வருவது இன்னும் குறைவு. இந்த மூன்றில் எதை "தர வேண்டிய தொகை" என்று எழுதுவது? மூன்றையும் எழுதினால் ஒரே தொகை கேட்டவரிடம் அது எடுபடாது. ஜிஎஸ்டி பதிவு எனக்கு இல்லை, வருட வருமானம் 20 லட்சத்துக்குக் கிட்டவே இல்லை.

ப்ரியா_வொய்ட்ஃபீல்ட்:
மணிக்கு 900 எல்லாம் ரொம்பக் குறைவு அக்கா. சப்டைட்டிலுக்கு மணிக்கணக்கே வேண்டாம், படத்தின் நிமிடத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். நான் இப்போது அப்படித்தான் வாங்குகிறேன், யாரும் "ஏன் இத்தனை மணி ஆச்சு" என்று கேட்க முடியாது.

தேன்மொழி_ஜெயநகர்:
ப்ரியா, ரேட் செப்டம்பரிலேயே மெயிலில் பேசி முடிந்தது, இனி மாற்ற முடியாது. என் கேள்வி கடைசி வரியைப் பற்றி மட்டும்தான்.

ராஜ்_எச்எஸ்ஆர்:
கடைசி வரிக்கு முன்னால் 18% ஜிஎஸ்டி சேர்க்கணும். கம்பெனிக்கு பில் போட்டால் ஜிஎஸ்டி இல்லாமல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். டிடிஎஸ் 10% நீங்களே கழித்து, மிச்சத்தைத் தர வேண்டிய தொகை என்று போடுங்கள். அதுதான் பேங்கில் வரும் தொகை, பின்னால் குழப்பம் இருக்காது.

கணக்குப்பிள்ளை:
ராஜ் சொன்னதில் 10% என்பது மட்டும் சரி. பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது, சட்டமே தடுக்கிறது. சேவைக்கு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம், அதற்குக் கீழே இருப்பவர் சாதாரண பில் கொடுத்தால் கம்பெனி எடுத்துக்கொள்ளும். "ஜிஎஸ்டி பதிவு இல்லை" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், அக்கவுண்ட்ஸில் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

டிடிஎஸ்ஸை நீங்கள் கழிக்கவே கூடாது. அது உங்கள் பணம்தான், உங்கள் பான் எண்ணில் அவர்கள் வரியாகக் கட்டுகிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் கழித்து ஒரு சின்ன தொகையைப் போட்டால், அக்கவுண்ட்ஸில் இருப்பவர் அந்தச் சின்ன தொகையையே பில் தொகை என்று எடுத்துக்கொண்டு அதிலிருந்து இன்னொரு 10% பிடிப்பார். இரண்டு முறை வெட்டு விழுந்த பில்களைப் பார்த்திருக்கிறேன், திருத்த ஒரு காலாண்டு ஆகிறது.

அட்வான்ஸ் வேறு விஷயம். அது ஏற்கெனவே உங்களிடம் வந்துவிட்ட பணம், அதனால் பில்லிலேயே தேதியோடு காட்டிக் கழிக்க வேண்டும். ஆக தர வேண்டிய தொகை 38,170. "டிடிஎஸ் இருந்தால் விதிப்படி பிடித்துக்கொள்ளவும், பான் எண் இது" என்று கீழே ஒரு வாக்கியம். பான் கொடுக்காமல் விட்டால் 20% பிடிப்பார்கள், அதை மறக்காதீர்கள்.

ஆனால் உங்கள் கணக்கில் வேறொன்று கண்ணில் படுகிறது. கூலி மட்டும் 47,250, செலவு சேர்ந்தால் 53,170. 194ஜே பிரிவில் 2025 ஏப்ரலில் இருந்து ஒரு நிதியாண்டுக்கு 50,000 தாண்டினால்தான் டிடிஎஸ். முன்பு 30,000 ஆக இருந்தது. உங்கள் கூலி அந்தக் கோட்டுக்குள் நிற்கிறது, ஹார்ட் டிஸ்க் உள்ளே வந்ததும் கோட்டைத் தாண்டுகிறது. இதே நிறுவனத்துக்கு இந்த ஏப்ரலுக்குப் பிறகு வேறு ஏதாவது செய்தீர்களா?

தேன்மொழி_ஜெயநகர்:
இல்லை சார், இது ஒன்றுதான். அட்வான்ஸில் ஏன் பிடிக்கவில்லை என்பதும் இப்போதுதான் புரிகிறது, 15,000 வரம்புக்குக் கீழே. தாண்டினால் இப்போது எவ்வளவு பிடிப்பார்கள்? அட்வான்ஸ் போக மீதிக்கு மட்டுமா?

கணக்குப்பிள்ளை:
முழுத் தொகைக்கும். 53,170 க்கு 10% என்றால் 5,317. அதை மீதியில் இருந்துதான் எடுப்பார்கள், அதனால் 38,170 க்குப் பதில் 32,853 பேங்கில் விழும். அட்வான்ஸில் அப்போது பிடிக்காததும் சேர்த்து வெட்டுவதால் தொகை திடீரென்று பெரிதாகத் தெரியும். செலவைத் தனியாக வைத்துக் கூலி 47,250 மட்டும் பார்த்தால் டிடிஎஸ்ஸே இல்லை.

அதனால் என் யோசனை: கூலிக்கு ஒரு பில், செலவுக்கு அசல் ரசீதுகளோடு தனி ஸ்டேட்மென்ட். மெயிலில் இரண்டையும் கூட்டி, அட்வான்ஸைக் கழித்து, ஒரே தொகை. தயாரிப்பாளர் கேட்டதும் கிடைத்துவிடும், அக்கவுண்ட்ஸுக்கும் பிரித்துப் பார்க்க வழி இருக்கும்.

நிர்மலா_மல்லேஸ்வரம்:
பத்து வருஷமாக ஒரு கம்பெனியில் டிடிஎஸ் பார்க்கிறேன். கணக்குப்பிள்ளை சார் சொல்வதை எங்கள் ஆடிட்டர் ஏற்க மாட்டார். 1995 இல் வந்த 715 ஆம் எண் சர்க்குலர், பில்லில் இருக்கும் செலவுத் திருப்பித்தரலைக் கழிக்காமல் மொத்தத்துக்கும் டிடிஎஸ் பிடிக்கச் சொல்கிறது. நாங்கள் எல்லாவற்றுக்கும் பிடித்துவிடுவோம். பிடிக்காமல் விட்டால் எங்களுக்குத்தான் வட்டி, அந்தச் செலவில் 30% வரிக்கணக்கில் ஏற்கப்படாமலும் போகும். ஐந்தாயிரம் ரூபாய்க்காக எந்தக் கம்பெனியும் அந்த ரிஸ்க் எடுக்காது.

கணக்குப்பிள்ளை:
மேடம், அந்தச் சர்க்குலர் ஒரே பில்லில் சேர்த்து வந்ததைப் பற்றியது. தனியாக, லாபம் சேர்க்காமல், ரசீதோடு கேட்டால் அதில் வருமானம் எதுவும் இல்லை என்று தீர்ப்பாயங்களும் நீதிமன்றங்களும் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன.

நிர்மலா_மல்லேஸ்வரம்:
தீர்ப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. அதைக் காட்டி வாதாட வேண்டியது நாங்கள், பில் போட்டவர் இல்லை. அதனால்தான் பிடிப்போம் என்கிறேன். தேன்மொழி, உங்களுக்கு அது நஷ்டம் கிடையாது. உங்கள் பான் எண்ணில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ்ஸில் வரும், ரிட்டர்ன் போட்டால் வரி இல்லாத பட்சத்தில் முழுசாகத் திரும்ப வரும். டிசம்பருக்குள் பணம் தந்தால் அந்தக் காலாண்டு ஸ்டேட்மென்ட்டுக்கு ஜனவரி 31 கடைசி, பிப்ரவரியில் போய்ப் பாருங்கள். வராவிட்டால் அப்போதே கேளுங்கள், ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது கேட்டால் யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

அல்சூர்_வேணி:
நான் விளம்பரப்பட நிறுவனத்தில் புரொடக்‌ஷன் பக்கம் இருந்தவள், இந்த மாதிரி மெயில் வாரத்துக்கு நாலு வரும். டிடிஎஸ் சண்டையை விடுங்கள், அது எப்படியும் அவர்கள் ஆடிட்டர் முடிவுதான். பணம் தாமதமாவது வேறு இடத்தில். தயாரிப்பாளர் ஒரு வரியில் தடுக்கி நின்றால் முழு பில்லும் நிற்கும். உங்கள் பட்டியலில் நான் நிற்கும் இடம் மூன்று.

முதலில் "கரெக்‌ஷன் 4.5 மணி". இதைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது, நீங்கள் செய்த பிழையை நீங்களே திருத்திவிட்டு எங்களிடம் காசு கேட்கிறீர்கள் என்பதுதான். என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

இரண்டாவது ஹார்ட் டிஸ்க். அது இப்போது யாரிடம் இருக்கிறது? உங்கள் வீட்டு மேசையில் இருந்தால் அது உங்கள் சாமான், நாங்கள் ஏன் காசு தர வேண்டும்?

மூன்றாவது சாப்பாடு 180. ஆறு மணி நேரத்துக்கு ரேட் வாங்கிக்கொண்டு சாப்பாட்டையும் எழுதினால், தொகை சின்னதாக இருந்தாலும் மனசில் ஒட்டும். படப்பிடிப்பில் யூனிட் சாப்பாடு இருந்திருக்குமே?

தேன்மொழி_ஜெயநகர்:
யூனிட் சாப்பாடு வரத் தாமதமானது, வெளியே போய்ச் சாப்பிட்டேன். ஆனால் நீங்கள் சொல்வது நியாயம், எடுத்துவிடுகிறேன்.

ஹார்ட் டிஸ்க் அவர்களுடையது. அசல் ஃபுட்டேஜை என்னிடம் கொடுக்க அவர்களிடம் காலி டிஸ்க் இல்லை, "நீங்களே வாங்கிக்கோங்க, பில்லில் போடுங்க" என்றார்கள். வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கூரியரில் அனுப்பிவிட்டேன், அந்த 210 அதுதான்.

கரெக்‌ஷன் விஷயம் கொஞ்சம் பெரிசு. லாக் ஆன எடிட் என்று சொல்லி ஃபைல் தந்தார்கள், அதற்கு சப்டைட்டில் முடித்துக் கொடுத்தேன். பிறகு நவம்பர் 12 இல் புது எடிட் வந்தது. இரண்டு காட்சி வெட்டு, ஒரு பேட்டி முன்னால் போயிருக்கிறது. "எல்லாத்தையும் கொஞ்சம் தள்ளி வச்சா போதாதா" என்று உதவி இயக்குநர் கேட்டார். படம் முழுக்க ஒரே அளவு தள்ளியிருந்தால் மென்பொருளில் ஒரு நிமிட வேலை. நடுவில் வெட்டினால் ஒவ்வொரு துண்டுக்கும் தள்ள வேண்டிய அளவு வேறு, வெட்டு விழுந்த இடத்தில் பாதி வாக்கியம் தொங்கும், அதை உடைத்துப் புதிதாக எழுத வேண்டும். முன்னால் போன பேட்டியில் "முன்னாடி சொன்ன மாதிரி" என்று வரும் வரிக்கு இப்போது முன்னால் எதுவுமே இல்லை. இப்படி உட்கார்ந்து பார்த்த நேரம்தான் 4.5 மணி.

அல்சூர்_வேணி:
இதைத்தானே எழுதணும்! "நவம்பர் 12 புது எடிட்டுக்கு சப்டைட்டிலை மறுபடி பொருத்தியது, 4.5 மணி." கரெக்‌ஷன் என்ற சொல்லே வேண்டாம். தேதி இருந்தால் தயாரிப்பாளர் தன் எடிட்டரைக் கேட்பார், உங்களைக் கேட்க மாட்டார். அதே மாதிரி "ஹார்ட் டிஸ்க், உங்களிடம் கூரியரில் ஒப்படைத்தது" என்று கூரியர் ரசீது எண்ணோடு போடுங்கள். டிஸ்க் பில் யார் பெயரில்?

தேன்மொழி_ஜெயநகர்:
என் பெயரில். எஸ்.பி. ரோட்டில் வாங்கியது, கடைக்காரர் ஜிஎஸ்டி பில் கொடுத்தார்.

நிர்மலா_மல்லேஸ்வரம்:
அவர்கள் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருந்திருந்தால் அந்த 18 சதவீதத்தை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், உங்களுக்கும் பேச்சே இருந்திருக்காது. டிடிஎஸ்ஸிலும் அது தெளிவாக அவர்கள் வாங்கிய பொருளாக இருந்திருக்கும். கடையில் கேட்டுப் பாருங்கள், அதே மாதம் என்றால் சிலர் பில்லை மாற்றித் தருவார்கள்.

தேன்மொழி_ஜெயநகர்:
வாங்கியது செப்டம்பர், இனி மாற்றித் தர மாட்டார். இருக்கிற பில்லையே வைக்கிறேன்.

ஓசூர்_முருகன்:
மேடம், நான் ஓசூரில் இன்டீரியர் 3டி டிராயிங் பண்றேன், கிளையன்ட் எல்லாம் பெங்களூர்தான். ஒருத்தர் எட்டு மாசமா 62,000 தரல. நானும் மணிக்கணக்கு எழுதித்தான் அனுப்பினேன். கேட்டா "இத்தனை மணி நேரம் ஆச்சுன்னு எப்படி நம்பறது" என்கிறார். இதுக்கு என்ன பண்றது? உங்களுக்கும் அப்படிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

ப்ரியா_வொய்ட்ஃபீல்ட்:
அதான் முதலிலேயே சொன்னேன், நிமிடக் கணக்கு.

அல்சூர்_வேணி:
ப்ரியா, மணிக்கணக்கையும் நம்ப வைக்கலாம். தேன்மொழி தன் முதல் வரியில் ஆடியோ நீளத்தை எழுதியிருக்கிறார் பாருங்கள், 3 மணி 20 நிமிடத்துக்கு 17 மணி. ஒரு மணி ஆடியோவுக்கு ஐந்து மணி. தொழிற்சாலை இரைச்சலில் நாலு பெண்கள் ஒன்றாகப் பேசும் பதிவுக்கு அது நியாயமான வேகம், இந்த வேலையைத் தந்தவர் எவருக்கும் தெரியும். மணிக்குப் பக்கத்தில் என்ன வெளியே வந்தது என்ற அளவு இருந்தால் பெரும்பாலும் கேள்வி வராது. முருகன், நீங்கள் எத்தனை டிராயிங், எத்தனை முறை மாற்றினார், எந்தெந்தத் தேதி என்று வாட்ஸ்ஆப்பில் இருந்து எடுத்து பில்லைத் திரும்ப எழுதுங்கள். மாற்றச் சொன்ன மெசேஜ் அவருடையதுதானே.

கணக்குப்பிள்ளை:
முருகன் சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு செய்திருக்கிறாரா? ஆதார், பான் இருந்தால் அரசு தளத்தில் இலவசம். பதிவு இருக்கிற சிறு தொழிலுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு. ஆனால் வேலைக்குப் பிறகு பதிவு செய்தால் பழைய பில்லுக்குச் செல்லாது என்றுதான் பெரும்பாலும் முடிவாகிறது. உங்கள் 62,000 க்கு உதவுமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், அடுத்த வேலைக்கு முன்னால் செய்துவிடுங்கள்.

ராஜ்_எச்எஸ்ஆர்:
ஜிஎஸ்டி விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயண நேரத்துக்குப் பாதி ரேட் என்பதை எங்கே பேசினீர்கள்? அந்த 1,350 ஐ எடுத்துவிடுங்கள். பேசாததைப் போட்டால் வேணி மேடம் சொன்ன மாதிரி முழு பில்லும் நிற்கும்.

தேன்மொழி_ஜெயநகர்:
போனில் கேட்டேன். "பார்த்துப் போடுங்க" என்றார், எழுத்தில் இல்லை. ஆனால் அன்று காலை ஆர்.வி. ரோட்டில் இருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோ, அங்கிருந்து பஸ், பிறகு ஆட்டோ, திரும்பவும் அப்படியே. அந்த மூன்று மணி நேரம் வேறு வேலை எடுக்க முடியாது. அதை விட எனக்கு மனமில்லை.

கணக்குப்பிள்ளை:
விடாதீர்கள். தனி வரியாகத்தானே இருக்கிறது, அவர் அடித்தாலும் மற்ற வரிகள் அசையாது. படப்பிடிப்பு 6 மணியோடு சேர்த்து 9 மணி என்று போட்டிருந்தால்தான் ஆபத்து.

அல்சூர்_வேணி:
எனக்கு இதில் ராஜ் பக்கம்தான். எழுத்தில் இல்லாததை பில்லில் முதல் முறை பார்க்கும் கிளையன்ட் முகம் சுளிப்பார். ஒரு வழி இருக்கிறது, பில் போவதற்கு முன்னால் ஒரு வாட்ஸ்ஆப்: "போனில் பேசியபடி ஓசூர் பயணம் 3 மணி, பாதி ரேட்டில் சேர்க்கிறேன்." அவர் ஒரு கட்டைவிரல் போட்டாலும் போதும்.

ஆட்டோவுக்கு ரசீது இருக்கிறதா?

தேன்மொழி_ஜெயநகர்:
இங்கே வீட்டில் இருந்து ஸ்டேஷனுக்கு நம்ம யாத்ரியில் போனது, அதில் இருக்கிறது. ஓசூரில் கையில் கொடுத்தது, இல்லை. பஸ் டிக்கெட் அன்றைக்கே போட்டோ எடுத்துவிட்டேன், அந்தத் தாள் ஒரு மாதத்தில் வெளுத்துவிடும்.

நிர்மலா_மல்லேஸ்வரம்:
ஓசூர் ஆட்டோவுக்கு நீங்களே ஒரு வவுச்சர் எழுதுங்கள். தேதி, எங்கிருந்து எங்கே, எவ்வளவு, கையெழுத்து. சின்னத் தொகைக்கு நாங்கள் ஏற்றுக்கொள்வோம். 640 என்று மொத்தமாக எழுதாமல் ஸ்டேட்மென்ட்டில் உடைத்து எழுதுங்கள், மெயிலில் மொத்தம் போதும்.

தேன்மொழி_ஜெயநகர்:
எல்லோரும் சொன்னதை வைத்துத் திரும்ப எழுதியது. நாளைக் காலை அனுப்பப் போகிறேன், கண்ணில் ஏதாவது பட்டால் சொல்லுங்கள்.

"வணக்கம் சார். ஓசூர் படத்துக்குச் செய்த வேலையின் கணக்கு. மணிக்கு ₹900, செப்டம்பர் மெயிலில் பேசியபடி.

டிரான்ஸ்கிரிப்ஷன், 3 மணி 20 நிமிட ஆடியோ, 17 மணி: 15,300
அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, 14 மணி: 12,600
42 நிமிடப் படத்துக்கு சப்டைட்டில், 9.5 மணி: 8,550
நவம்பர் 12 புது எடிட்டுக்கு சப்டைட்டிலை மறுபடி பொருத்தியது, 4.5 மணி: 4,050
ஓசூர் படப்பிடிப்பு, 6 மணி: 5,400
ஓசூர் பயணம், 3 மணி, பாதி ரேட்: 1,350
வேலைக்கூலி: 47,250

ரசீதுப்படி செலவு: உங்களிடம் ஒப்படைத்த ஹார்ட் டிஸ்க் 4,890, அதை அனுப்பிய கூரியர் 210, ஓசூர் போக வர 640. ஆக 5,740.

மொத்தம் 52,990. செப்டம்பரில் தந்த அட்வான்ஸ் 15,000 கழித்து,

தர வேண்டிய தொகை: ₹37,990

டிசம்பர் 10 க்குள் அனுப்பினால் நல்லது. எனக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை. டிடிஎஸ் பொருந்தினால் விதிப்படி பிடித்துக்கொள்ளவும், பான் எண்ணும் பேங்க் விவரமும் பில்லில் உள்ளன. கூலி பில்லும், ரசீதுகளோடு செலவு ஸ்டேட்மென்ட்டும் தனித்தனியாக இணைத்திருக்கிறேன்."

பயணத்துக்கு வாட்ஸ்ஆப் அனுப்பினேன், நீல டிக் வந்தது, பதில் இல்லை. வரியை அப்படியே வைத்திருக்கிறேன்.

அல்சூர்_வேணி:
நன்றாக இருக்கிறது. மெயில் சப்ஜெக்ட்டிலேயே தொகையைப் போடுங்கள், "ஓசூர் படம், சப்டைட்டில் பில், ₹37,990". அவர் அதைத் திறக்காமலே அக்கவுண்ட்ஸுக்கு ஃபார்வர்ட் செய்வார், அப்போதும் தொகை கூடவே போகும்.

தேன்மொழி_ஜெயநகர்:
அனுப்பி நாலு நாள் ஆயிற்று, அக்கவுண்ட்ஸில் இருந்து பதில் வந்துவிட்டது. 37,990 ஏற்றுக்கொண்டார்கள், பயண வரியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. நிர்மலா மேடம் சொன்னபடிதான், இரண்டையும் சேர்த்து 52,990 க்கும் டிடிஎஸ் 5,299 பிடித்து 32,691 போடுகிறார்களாம். தனி ஸ்டேட்மென்ட் கொடுத்தும் டிஸ்க் பில் என் பெயரில் இருப்பதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை, செலவு ஸ்டேட்மென்ட் தனியாக வந்தது செலவாகத்தான் பார்க்கப்பட வேண்டும். ஆனால் அவர்கள் ஆடிட்டரோடு நீங்கள் சண்டை போட வேண்டாம். டிடிஎஸ் பிடித்ததற்கான சான்றிதழான 16ஏ கேட்டு ஒரு மெயில் மட்டும் இப்போதே போட்டுவிடுங்கள். பிப்ரவரியில் 26ஏஎஸ்ஸில் 5,299 இருக்கிறதா என்பதோடு, தொகை 52,990 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ரிட்டர்னில் அந்த 52,990 முழுசும் உங்கள் வரவாகத் தெரியும், டிஸ்க்குக்கும் பயணத்துக்கும் கொடுத்த 5,740 ஐ எப்படிக் காட்டுவது என்று அப்போது ஒரு கேள்வி வரும். 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டுகிறீர்களா, செலவுக் கணக்கு எழுதுகிறீர்களா?

தேன்மொழி_ஜெயநகர்:
போன வருடம் பாதிக் கணக்கில்தான் போட்டேன். இந்த வேலைக்கு அது பொருந்துமா என்று அப்போதும் ஒருவர் சந்தேகம் சொன்னார். ரசீது எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஓசூர்_முருகன்:
வேணி மேடம், தேதி போட்டு பில்லைத் திரும்ப எழுதினேன். ஆறு டிராயிங், மாற்றம் மட்டும் பதினொன்று, எல்லாம் அவர் மெசேஜ். பழைய பில்லில் 62,000, இப்போது கூட்டினால் 64,500 வருது. எதைப் போடறது?

அல்சூர்_வேணி:
62,000 தான். எட்டு மாசமாக அவர் பார்த்துக்கொண்டிருக்கும் தொகை அது. இப்போது வேறொன்றைக் காட்டினால் பேச்சு உங்கள் கணக்கைப் பற்றித் திரும்பும்.

கணக்குப்பிள்ளை:
ஆமாம், பழைய பில் எண்ணையே குறிப்பிட்டு, விவரத்தை இணைப்பாக அனுப்புங்கள். புது பில் போட்டால் நாள் கணக்கும் புதிதாக ஆரம்பிக்கிறது என்று அவர் சொல்ல இடம் கிடைக்கும்.